மெர்ச்சண்டைசர் வேலையை விடுகிறார்: பையருக்கு எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது?

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனியில் பையருக்கு நம் முகம் மெர்ச்சண்டைசர்தான். மற்ற தொழில்களில் அக்கவுண்ட் மேனேஜர் என்பார்களே, அதே ஆள். விலை பேசுவது, சாம்பிள் அனுப்புவது, கலருக்கு அப்ரூவல் வாங்குவது, ஷிப்மென்ட் தேதி தள்ளினால் பேசிச் சமாளிப்பது எல்லாம் அவர் வழியாகத்தான் நடக்கும். அவர் ராஜினாமா கொடுத்தால், அதைப் பையரிடம் எப்படிக் கொண்டுபோவது என்று சின்ன கம்பெனிகளில் யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே சீசனில் அடுத்தடுத்து இருவர் விலகினார்கள். திணறித் திணறித்தான் கீழே உள்ள வரிசைக்கு வந்து சேர்ந்தோம். இந்தப் பொறுப்பு முதல்முறையாக உங்கள் தலையில் வந்திருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆள் மாறுவது பையருக்குப் பெரிய விஷயமே இல்லை. அவர்கள் பக்கமும் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தன் ஆர்டர் எங்கே நிற்கிறது, வாயால் பேசி முடித்ததெல்லாம் புது ஆளுக்குத் தெரியுமா என்பதுதான் அவர் கவலை. அதற்குப் பதில் கையில் இல்லாமல் அறிமுகக் கடிதம் அனுப்பினால், அந்தக் கடிதமே கேள்விகளைக் கிளப்பிவிடும்.

1. கடைசி வேலை நாளை எழுத்தில் வாங்குங்கள்

நோட்டீஸ் காலம் ஒரு மாதம் என்று வேலை உத்தரவில் இருக்கலாம். கையில் உண்மையில் எத்தனை நாள் இருக்கிறது என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். 30 நாளில் ஞாயிறு 4 போனால் 26. மிச்சமிருக்கும் லீவில் 6 நாள் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் 20. அதில் கடைசி இரண்டு நாள் கணக்கு முடிப்பது, பொருள் ஒப்படைப்பது என்று போய்விடும். ஆக, ஒப்படைப்புக்குக் கிடைப்பது மூன்று வாரம்தான். லீவுக்குப் பணமாகக் கொடுத்துவிடுகிறோம், அந்த நாட்களில் வேலைக்கு வாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு ராஜினாமா வருவது இந்த ஊரில் வழக்கம். அந்த நோட்டீஸ் காலம் கார்த்திகை, மார்கழியில் ஓடும். அதே நேரத்தில் ஐரோப்பிய பையர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் திரும்பும்போது இங்கே பொங்கல் லீவு. அந்தச் சமயத்தில் ராஜினாமா வந்தால் டிசம்பர் முதல் வாரத்துக்குள் சொல்லி முடித்தாக வேண்டும்.

அதே நாளில் விலகுபவரிடம் இன்னொன்றையும் பேசி முடியுங்கள்: கம்பெனி சொல்லும்வரை எந்தப் பையருக்கும் அவர் தனியாகச் சொல்லக் கூடாது. கெஞ்சலாகவோ மிரட்டலாகவோ வேண்டாம், நேராகவே கேளுங்கள். "இந்தத் தேதிக்குள் நாமே சொல்கிறோம், நீங்களும் அந்த போனில் இருப்பீர்கள்" என்று தேதி கொடுத்துவிட்டால் அவருக்கும் நிம்மதி. தேதி கொடுக்காமல் வாரக்கணக்கில் இழுத்தால், பழகிய பையரிடம் வாட்ஸ்அப்பில் அவர் சொல்லத்தான் செய்வார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

2. யார் வருகிறார் என்று முடிவாகும்வரை கடிதம் எழுத வேண்டாம்

"புதியவர் விரைவில் அறிவிக்கப்படுவார்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். படிப்பவருக்கு, என் ஆர்டரைப் பார்க்க இப்போது ஆள் இல்லை என்றுதான் அர்த்தமாகும்.

அதே டீமில் அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசர் இருந்தால் அவரே நல்ல தேர்வு. சிசியில் அவர் பெயரைப் பையர் ஏற்கெனவே பார்த்திருப்பார். வெளியிலிருந்து எடுப்பதாக இருந்தால், ஆள் வந்து சேரும்வரை மெர்ச்சண்டைசிங் மேனேஜரோ முதலாளியோ பொறுப்பேற்கிறார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். வெளியாள் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆன பிறகே அறிமுகப்படுத்துங்கள். சேருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்கள் உண்டு. அவரை நம்பி மெயில் அனுப்பிவிட்டால், அதே பையருக்கு ஒரே மாதத்தில் இன்னொரு அறிமுகம் அனுப்ப வேண்டியிருக்கும்.

3. ஸ்டைல் வாரியாக நிலவரத் தாள்

நேரம் முழுக்கப் போக வேண்டிய இடம் இதுதான். டைம் அண்ட் ஆக்‌ஷன், அதாவது டி அண்ட் ஏ சார்ட் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்பதை சார்ட் சொல்லும். பையர் என்ன நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார் என்பது அதில் இருக்காது.

ஒரு உதாரணம். ஒரு குழந்தைகள் உடுப்பு ஆர்டர், 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. கலர் அப்ரூவலுக்காகச் சாயமேற்றி அனுப்பும் லேப் டிப்பில் ஏ, பி, சி என்று மூன்று துண்டு போயிருக்கிறது. ஃபைலில் இருக்கும் அட்டையில் பி துண்டுக்குப் பக்கத்தில் டிக் அடித்து, பையரின் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் அட்டை அனுப்பிய அன்று சாயங்காலம் பையர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தார்: பி சரி, பல்க்கில் கொஞ்சம் சிவப்பு கூட்டிக்கொள்ளுங்கள். பல்க் என்றால் ஆர்டருக்கான மொத்தத் துணி. பழையவர் அதை டையிங் மாஸ்டரிடம் போனில் சொல்லலாம் என்று வைத்திருந்தார். புதியவருக்கு அட்டைதான் கிடைத்தது. அவர் அட்டையைக் கொடுத்து பல்க் போடச் சொன்னார். டையிங்கும் அட்டைக்கு அச்சு மாறாமல் போட்டுக் கொடுத்தது. லைட் பாக்ஸில் டி65 வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் பையர் ஒத்துக்கொள்ளவில்லை, துணியை மறுபடி சாயத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. யார் வேலையிலும் பிழை இல்லை. சொன்ன சொல் ஒரு போனுக்குள்ளேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு தாள் போடுங்கள். ஆர்டர் எண், பீஸ் எண்ணிக்கை, சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் எக்ஸ் ஃபேக்டரி தேதி ஆகியவை மேலே இருக்கட்டும். அதன் கீழே லேப் டிப், பிரின்ட் ஸ்ட்ரைக் ஆஃப், ஃபிட் சாம்பிள், சைஸ் செட், உற்பத்திக்கு முன் அப்ரூவலுக்குப் போகும் பிபி சாம்பிள், லேபிள் மற்றும் டிரிம்ஸ் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள். அப்ரூவல் வந்ததா, அது எங்கே இருக்கிறது (மெயிலா, அட்டையா, வாட்ஸ்அப்பா), கூடவே ஏதாவது நிபந்தனை சொன்னார்களா. மூன்றாவது கட்டம்தான் உயிர்நாடி. அதைக் காலியாக விட அனுமதிக்காதீர்கள். எதுவும் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

தாளின் அடியில் வாய்ப்பேச்சுக்கு என்று தனி இடம் விடுங்கள். அடுத்த ஆர்டரில் ஐந்து சென்ட் குறைத்துத் தருகிறேன் என்றது, மூன்று சதவீதம் பீஸ் கூடினாலும் எடுத்துக்கொள்வார்கள் என்பது, ஒரு வாரம் தாமதத்தைப் பையர் பொறுத்துக்கொண்டது. இதையெல்லாம் விலகுபவரிடம் "ஏதாவது இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்றுதான் பதில் வரும். ஸ்டைல் ஸ்டைலாக, வாட்ஸ்அப் சாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு ஸ்டைலுக்கு அரை மணி நேரமாவது ஆகும்.

அப்ரூவல் ஆன அட்டைகள், சீல் போட்ட சாம்பிள்கள், கவுன்டர் சாம்பிள்கள் எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். ஏதாவது காணாமல் போயிருந்தால், பையரிடம் இன்னொரு துண்டு கேட்பதற்கு இதுவே சமயம். பழையவர் கேட்டால் உடனே அனுப்புவார்கள். புதியவரின் முதல் மெயிலே "உங்கள் அப்ரூவல் அட்டை எங்களிடம் இல்லை" என்று இருக்கக் கூடாது.

4. முதலில் போன், பிறகு மெயில்

பையர் பட்டியலை எடுத்து, இப்போது முடிவு தர வேண்டிய நிலையில் யாருக்கு ஸ்டைல் இருக்கிறது என்று பாருங்கள். பிபி சாம்பிள் கமெண்டுக்குக் காத்திருப்பவர், விலை முடியாமல் இருப்பவர், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நெருங்குபவர் ஆகியோருக்கு முதலில். எல்லாம் கப்பலேறிவிட்டது, அடுத்த ஆர்டர் இன்னும் வரவில்லை என்பவருக்குக் கடைசியில். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். நடுவில் பையிங் ஆபீஸ் இருந்தால் அவர்களுக்குத்தான் முதல் போன். வெளிநாட்டுப் பையர் சொல்லி அவர்களுக்குத் தெரியவந்தால் அந்தக் கசப்பு நெடுநாள் இருக்கும்.

போனில் மேனேஜரோ முதலாளியோ பேச வேண்டும். விலகுபவரும் வருபவரும் கூட இருக்க வேண்டும். நம் நேரம் பிற்பகல் 2.30-க்குக் கூப்பிட்டால், கோடையில் லண்டனில் காலை 10, ஜெர்மனியில் 11. நியூயார்க்கில் காலை 10 என்றால் நமக்கு இரவு 7.30. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தைத் திருப்பிவிடுவதால் ஒரு மணி நேரம் தள்ளிக் கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். பையருக்கு யோசித்து வரும் கேள்விகளுக்குத் திங்கள்வரை பதில் கிடைக்காது.

பத்து நிமிடம் போதும். ஏன் போகிறார் என்று கேட்டால் "சொந்த முடிவு, இன்ன தேதிவரை இருக்கிறார்" என்பதோடு நிறுத்துங்கள். உடம்பு சரியில்லை, கல்யாணம் என்று நீங்களாகக் காரணம் கட்டாதீர்கள். அடுத்த மாதம் இன்னொரு கம்பெனியிலிருந்து அவர் மெயில் போனால் உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

இங்கே பல முதலாளிகளுக்கு ஒரு பயம் உண்டு: அந்த ஆள் பையரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், அதனால் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று. போட்டி கம்பெனியில் சேரக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும், வேலையை விட்ட பிறகு அது பெரும்பாலும் செல்லாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. விலைப் பட்டியல், காஸ்டிங் ஷீட் போன்ற ரகசியங்களைக் காக்கும் நிபந்தனை வேறு, அதை எழுத்தில் நினைவூட்டலாம். மற்றபடி மறைத்து வைப்பதால் பையர் தங்கப் போவதில்லை.

5. கடிதம்

போன் பேசிய அன்றே மெயில் போக வேண்டும். ஒவ்வொரு பையருக்கும் தனித்தனி மெயில். நேரம் மிச்சம் என்று எல்லாரையும் ஒரே மெயிலில் சிசி போட்டால், உங்கள் பையர் பட்டியல் முழுவதையும் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். பிசிசி போட்டாலும் இதே மெயில் ஊருக்கெல்லாம் போகிறது என்பது வாசகத்திலேயே தெரியும்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். அதில் வர வேண்டிய விஷயம், வர வேண்டிய வரிசையில்:

> போனில் பேசியபடி, [பழையவர்] மே 30 வரை எங்களோடு இருப்பார். மே 18 முதல் உங்கள் ஆர்டர்களை [புதியவர்] பார்த்துக்கொள்வார். அவர் இரண்டு ஆண்டாக எங்கள் சாம்பிள் பிரிவில் உங்கள் ஸ்டைல்களைக் கையாண்டவர்.
>
> இன்றைய நிலவரம்: முதல் ஸ்டைல் தையலில், எக்ஸ் ஃபேக்டரி தேதியில் மாற்றமில்லை. இரண்டாவது, பிபி சாம்பிள் மே 11 அன்று உங்களுக்குக் கிடைத்தது, கட்டிங் தொடங்க மே 19-க்குள் கமெண்ட் தேவை. மூன்றாவது, லேப் டிப் பி, பல்க்கில் சிவப்பு சற்றுக் கூட்டுவது என்று பேசியிருக்கிறோம். இது சரிதானா என்று பதில் எழுதுங்கள்.
>
> எங்கள் வங்கிக் கணக்கு, பணம் செலுத்தும் முறை, மெயில் டொமைன் எதிலும் மாற்றமில்லை. மாற்றம் என்று மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் [முதலாளியை] அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

மூன்றே பத்தி. புதியவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம், அந்த ஒரு வரியும் பையரின் வேலையோடு ஒட்டியதாக இருக்கட்டும். எந்தக் கல்லூரி, எத்தனை கம்பெனி என்பதெல்லாம் அவருக்கு எதற்கு?

வங்கி பற்றிய வரியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் விடவே கூடாதது அதுதான். ஆள் மாறும் சமயம் பார்த்து, ஒரு எழுத்து மட்டும் மாற்றிய மெயில் முகவரியிலிருந்து "புது மெர்ச்சண்டைசர் எழுதுகிறேன், எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று இன்வாய்ஸ் அனுப்பும் மோசடி நடக்கிறது. புதியவரின் எழுத்து நடையும் கையெழுத்துப் பகுதியும் பையருக்குப் பழக்கமில்லாததால் சந்தேகம் வராது.

"சரிதானா என்று பதில் எழுதுங்கள்" என்பதும் சும்மா மரியாதைக்கு இல்லை. வாய்ப்பேச்சாக இருந்தவை எழுத்தாக மாறுவது அந்தப் பதிலில்தான். பதில் வராவிட்டால் ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நாள் பழையவரே போன் போட்டுக் கேட்கட்டும். அவர் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

6. மெயில், வாட்ஸ்அப், பையர் போர்ட்டல்

கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு, கடைசி நாள் மாலையில் பழையவரின் கணக்கை சஸ்பெண்ட் செய்வது. சஸ்பெண்ட் ஆன கணக்குக்குப் புது மெயில் வந்து சேராது. பையர் அனுப்பும் பிபி கமெண்ட் அப்படியே போய்விடும். அதற்குப் பதிலாகப் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, வரும் மெயில் புதியவருக்கும் மேனேஜருக்கும் போகும்படி அமைத்துவிடுங்கள். கணக்கு இருக்கும்வரை அந்த ஒரு ஆளுக்கான மாதக் கட்டணம் ஓடும், அது பெரிய தொகை இல்லை. பிறகு கணக்கையே அழிப்பதாக இருந்தால், முதலில் டிரைவில் உள்ள ஃபைல்களைப் புதியவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அழித்த கணக்கை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும்.

வாட்ஸ்அப் கம்பெனி சிம்மில் இருந்தால், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆறு இலக்க பின்னைக் கடைசி நாளுக்கு முன்பே கழற்றச் சொல்லுங்கள். பின் தெரியாமல், மீட்பு மெயிலும் இல்லாமல் போனால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். சிம்மை வேறு போனில் போட்டால் பழைய சாட் தானாக வந்துவிடாது, ஆகவே பையர் சாட்களை முன்பே எக்ஸ்போர்ட் செய்து ஃபைலில் வையுங்கள். சொந்த எண்ணில் பேசியிருந்தால் எண்ணை நீங்கள் கேட்க முடியாது. அவர் இருக்கும்போதே புதுக் குரூப் தொடங்கிப் பையரைச் சேர்த்து, பேச்சை அங்கே நகர்த்துங்கள். குரூப் அட்மினாக மேனேஜர் இருக்கட்டும்.

பையர் போர்ட்டல் லாகின் ஆளின் பெயரில் இருக்கும். புதியவருக்கு ஐடி கேட்டால் பையரின் ஐடி பிரிவு கொடுக்கச் சில நாள் எடுக்கும். இன்ஸ்பெக்‌ஷனை அந்தப் போர்ட்டலில்தான் பல நாள் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். லாகின் இல்லாமல் இன்ஸ்பெக்‌ஷன் தேதியை விட்டால் கப்பலை விட்ட மாதிரிதான், அப்புறம் ஏர் ஃப்ரைட் செலவு நம் தலையில் விழும். அறிமுக மெயில் போகும் அன்றே ஐடிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

7. செலவு

பெரிய செலவு, பழையவரும் புதியவரும் சேர்ந்து இருக்கும் நாட்களின் இரட்டைச் சம்பளம். மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைத்தால் நிலவரத் தாள் அரைகுறையாகத்தான் வரும். மற்றபடி காணாமல் போன அட்டை, சாம்பிளுக்கு கூரியர், மெயில் கணக்கு, சிம் ரீசார்ஜ் அவ்வளவே. மறு சாயத்துக்கு ஒருமுறை துணி போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முதலாளியிடம் கேளுங்கள்.

8. முதல் இரண்டு வாரமும் அதற்குப் பிறகும்

அறிமுக மெயிலுக்குப் பிறகு பையருக்கு எழுதுவது புதியவர்தான், பழையவர் சிசியில். இதைத் தலைகீழாக வைத்தால் பையர் பழையவருக்கே பதில் எழுதிக்கொண்டிருப்பார், கடைசி நாள் வரை எதுவும் மாறாது. பழையவருக்கு நேராக மெயில் வந்தாலும் பதில் புதியவரிடமிருந்தே போகட்டும்.

புதியவர் முதல் வாரத்தில் விலை, தேதி எதையும் மாற்றக் கூடாது. சில பையர்கள் ஆள் மாறியதும், பழையவர் தள்ளுபடி தருவதாகச் சொன்னாரே என்று கேட்டுப் பார்ப்பார்கள். தாளில் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் "பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன்" என்று சொல்லி மேனேஜரிடம் கொண்டுவரட்டும். பழையவர் போன பிறகும் இப்படி ஒன்றிரண்டு கேள்வி எழும். அதற்கு அவரைக் கூப்பிட்டுக் கேட்கும் அளவுக்கு உறவு இருக்க வேண்டும், ஆகவே அவருடைய கணக்கை இழுக்காமல் முடித்து, ரிலீவிங் லெட்டரைக் கடைசி நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.

பழைய மெயில் முகவரியை எப்போது மூடலாம் என்று கேட்பார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று நாட்கணக்கு வைக்காதீர்கள். அவர் கையாண்ட கடைசி ஆர்டர் கப்பலேறி, அதற்கான பணம் வந்து, டெபிட் நோட் ஏதும் பாக்கி இல்லை என்று அக்கவுண்ட்ஸ் சொன்ன பிறகு மூடுங்கள். ஷிப்மென்டுக்குப் பின் 60 நாள், 90 நாள் தவணையில் பணம் தரும் பையர்களின் தகராறு மெயில்கள் அந்தக் கடைசி வாரங்களில்தான், அதுவும் பழைய முகவரிக்கே வரும்.